பத்து மில்லிவிநாடிக்குள் ஒரு வானொலி

கணினியில் கம்பியில்லா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு வீடியோ கூட்டத்தில் சேரவேண்டியிருக்கிறது. மைக் திறந்த அடுத்த நொடியே ஒலி சுருங்கிவிடுகிறது. பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது ஏதோ பழைய தொலைபேசிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. இடம், வலம் என்ற பிரிவும் காணாமல் போகிறது. ஹெட்செட் பழுதென்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஹெட்செட்டில் பழுதில்லை. பழைய புளூடூத் வகுத்த விதிப்படிதான் அது நடக்கிறது.

பழைய புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள். பாட்டுக்கு ஏ2டிபி: நல்ல ஒலி, ஆனால் ஒருவழிப் பாதை, மைக்கிற்கு இடமில்லை. பேச்சுக்கு எச்எஃப்பி: இருவழிப் பாதை, ஆனால் தொலைபேசித் தரம். முதலில் நொடிக்கு 8,000 மாதிரிகளும் பிறகு 16,000 மாதிரிகளுமாகத்தான் குரலை அனுப்ப முடிந்தது. மைக் திறந்ததும் கருவி முதல் பாதையை மூடிவிட்டு இரண்டாவதற்குத் தாவுகிறது. இரண்டும் அந்தந்தக் காலத்துத் தேவைக்கு எழுதப்பட்டவை. இரண்டு காதுக்கும் தனித்தனியாக, நடுவில் கம்பியே இல்லாமல் இரண்டு சின்னக் கருவிகள் வரும் என்று அவற்றை எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை அடியிலிருந்து மாற்றி எழுதியதுதான் எல்இ ஆடியோ. 2020 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் புளூடூத் கூட்டமைப்பு இதை அறிவித்தது. அதற்கு அடித்தளமான 5.2 பதிப்பும் அதையொட்டியே வெளிவந்தது. மேலே கட்டவேண்டிய விதிமுறைகள் ஒவ்வொன்றாக முடிந்து, முழுத் தொகுப்பும் 2022 ஜூலையில் நிறைவடைந்தது.

இதன் தொடக்கம் இசைத் துறையில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. காது கேட்கும் கருவி செய்யும் ஐரோப்பிய நிறுவனங்களின் சங்கம் 2014-இல் புளூடூத் கூட்டமைப்போடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அவர்களின் சிக்கல் மிகத் தெளிவானது. காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்தக் கருவி ஒரு துத்தநாக-காற்றுப் பொத்தான் மின்கலத்தில் பல நாள் ஓடவேண்டும். அந்த மின்கலத்தால் சொற்ப மின்னோட்டத்தை நெடுநேரம் தர முடியும். திடீரென்று அதிகம் கேட்டால் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். பழைய புளூடூத் ரேடியோவை அதில் ஓட்டுவது கட்டுப்படியாகாது. அதனால் ஆப்பிள் தன் ஐபோனுக்கென்று ஒரு வழியை உருவாக்கியது, கூகுள் பின்னர் ஆண்ட்ராய்டுக்கென்று வேறொரு வழியை உருவாக்கியது. எந்தப் போன் வாங்குவது என்பதை ஒருவருடைய காதுக் கருவி தீர்மானிக்கும் நிலை வந்தது. எல்லோருக்கும் பொதுவான, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு தரம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து எழுந்தது. மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்தத் தரத்தின் ஒவ்வொரு முடிவிலும் காதுக் கருவியின் அந்தப் பொத்தான் மின்கலம் இருக்கிறது. அதை மனத்தில் வைத்துப் படித்தால்தான் இதன் பொருள் விளங்கும்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க முக்கிய வழி, ரேடியோ விழித்திருக்கும் நேரத்தைக் குறைப்பது. ரேடியோ விழித்திருந்தால் செலவு, தூங்கினால் மிச்சம். ஆகவே ஒரு காதுக்கு ஒலி கொண்டுசேர்க்க ரேடியோ எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் மற்ற எல்லாம் பிடிபட்டுவிடும்.

எல்இ ஆடியோவில் ஒலி 10 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. (7.5 மில்லிவிநாடித் துண்டும் உண்டு. பழைய புளூடூத்தோடு ஒத்துப்போக வேண்டிய இடங்களில் அது பயன்படும்.) ஒவ்வொரு துண்டையும் எல்சி3 என்ற கோடெக் சுருக்குகிறது. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனமும் ஸ்வீடனின் எரிக்சனும் சேர்ந்து உருவாக்கிய கோடெக் இது. இசைக்கான வழக்கமான ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 48,000 மாதிரிகள். ஒரு காதுக்கான ஒரு துண்டு சுருங்கி 100 பைட்டாகிறது. நொடிக்கு நூறு துண்டுகள் என்பதால், ஒரு காதுக்கு நொடிக்கு 80 கிலோபிட், இரண்டு காதுக்கும் சேர்த்து 160 கிலோபிட்.

இந்த 100 பைட் காற்றில் போகும்போது அதோடு சில உறைகளும் சேரும். பெறும் ரேடியோவைத் தயார்ப்படுத்த 2 பைட், இணைப்பின் அடையாளம் 4, தலைப்பு 2, மறைகுறியாக்கச் சரிபார்ப்பு 4, பிழை சரிபார்ப்பு 3. ஆக மொத்தம் 115 பைட், அதாவது 920 பிட். எல்இ ரேடியோவின் வேகமான முறையில் நொடிக்கு 20 லட்சம் பிட் போகும். 920 பிட் போக 460 மைக்ரோவிநாடி. பிறகு 150 மைக்ரோவிநாடி இடைவெளி. அதன்பின் காதிலிருக்கும் கருவி, வந்து சேர்ந்தது என்று ஒரு சின்னப் பதில் அனுப்புகிறது. அதற்கு 44 மைக்ரோவிநாடி. கூட்டினால் 654.

பத்து மில்லிவிநாடி என்பது 10,000 மைக்ரோவிநாடி. அதில் 654 போக மீதி நேரமெல்லாம் அந்தக் காதின் ரேடியோ தூங்கலாம். நடைமுறையில் கொஞ்சம் கூடும். போனின் கடிகாரமும் காதுக் கருவியின் கடிகாரமும் துளியளவு விலகிப்போகும் என்பதால் கருவி சற்று முன்னதாகவே விழித்துக் காத்திருக்கவேண்டும். ஆனாலும் கணக்கின் அளவு மாறாது.

இதைப் பழைய முறையோடு ஒப்பிடுவோம். ஏ2டிபி-யில் எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் கோடெக் எஸ்பிசி. அதன் உயர்தர அமைப்பு நொடிக்கு 328 கிலோபிட். பத்து மில்லிவிநாடிக்கு அது 410 பைட். அதே 20 லட்சம் பிட் வேகத்தில் அனுப்பினாலும் தரவு மட்டுமே 1,640 மைக்ரோவிநாடி எடுக்கும். உறைகளும் பதில்களும் தனி. இதில் இன்னொரு விரயமும் இருக்கிறது. பழைய முறைக்கு இரண்டு காது என்ற விஷயமே தெரியாது. போன் ஒரே ஒரு கருவிக்கு இடம், வலம் இரண்டையும் சேர்த்துத்தான் அனுப்பும். எனவே ஒரு காதிலிருக்கும் கருவி, தனக்குத் தேவையில்லாத மறுபக்க ஒலியையும் சேர்த்தே வாங்கவேண்டும். எல்இ ஆடியோவில் ஒவ்வொரு காதும் தன் பங்கை மட்டும் வாங்குகிறது. ஒரு காதின் ரேடியோ ஒலியை வாங்கும் நேரம் 1,640-லிருந்து 460-ஆகக் குறைவது இப்படித்தான்.

இரண்டு காதுக்கும் தனித்தனி இயர்பட்ஸ் பரவலானபோது தயாரிப்பாளர்கள் இந்தக் குறையைச் சமாளிக்கப் பல உத்திகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கருவி போனிடமிருந்து வாங்கி மற்றதற்கு அனுப்புவது ஒரு வகை. இதில் அனுப்பும் கருவியின் பேட்டரி முதலில் தீரும். அதோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும் என்பதால், நடுவில் இருக்கும் மனிதத் தலை அந்த இணைப்புக்குப் பெரிய தடை. ஒரு கருவி போனோடு பேசும்போது மற்றது அதை ஒட்டுக்கேட்பது இன்னொரு வகை. இது மேலானது. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் சொந்த ஏற்பாடு. இரண்டு காதுகளும் தங்களுக்குள் ஓயாமல் சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். எல்இ ஆடியோ இந்த வேலையைத் தரத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. போன் இரண்டு ஓடைகளை ஒரே குழுவாகத் திறக்கிறது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. இந்தத் துண்டை இன்ன கணத்தில் ஒலிக்கவேண்டும் என்ற குறிப்பும் தரப்படுவதால், முன்னே பின்னே வந்து சேர்ந்தாலும் இரண்டு காதும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றன. இடது காதில் ஒரு நிறுவனத்துக் கருவி, வலது காதில் இன்னொன்று என்றாலும் கோட்பாட்டளவில் இது நடக்கும்.

சரி, ரேடியோவின் வேலை மூன்றில் ஒரு பங்காகிறது என்றால் பேட்டரி மூன்று மடங்கு வருமா? வராது. விளம்பரங்கள் அதிகம் குழப்புவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். 48 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஆறு மணி நேரம் ஓடுகிறதென்றால் கருவி சராசரியாக 8 மில்லியாம்பியர் எடுக்கிறது. இதில் ரேடியோவின் பங்கு 2 என்று கொள்வோம். மற்ற 6 எங்கே போகிறது? வெளிச் சத்தத்தை அடக்கும் வசதி, மைக்குகள், கோடெக்கை விரிக்கும் செயலி, ஒலிபெருக்கியை ஓட்டும் பகுதி. உறைகளும் பதில்களும் காத்திருப்பும் போக, ரேடியோவின் 2 பாதியாகி 1 ஆனால் மொத்தம் 7. பேட்டரி ஆறு மணி ஐம்பது நிமிடம் வரும். ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கூடுகிறது. நல்ல ஆதாயம்தான், ஆனால் தலைகீழ் மாற்றமல்ல. எல்சி3-ஐச் சுருக்கவும் விரிக்கவும் எஸ்பிசி-யைவிடக் கூடுதல் கணக்கு தேவை என்பதையும் கழித்துக்கொள்ளவேண்டும். சத்தமடக்கும் வசதியை அணைத்து வைத்தால் இதைவிட அதிக நிமிடங்கள் கிடைக்கக்கூடும்.

காதுக் கருவியில் இந்தக் கணக்கே வேறு. அது நாள் முழுக்க ஓடுவதே ஓரிரு மில்லியாம்பியரில்தான். அங்கே ரேடியோவின் 2 என்பது மொத்தச் செலவை இரட்டிப்பாக்கிவிடும். அதில் 1 குறைந்தால், போன் பேச்சை நேராகக் காதில் கேட்பது அதை அணிந்தவருக்கு அன்றாட வசதியாகிறது. குறையாவிட்டால் அவசரத்துக்கு மட்டும் தொடும் வசதியாக நின்றுவிடுகிறது. இந்தத் தரம் யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்கே அதன் பேட்டரி ஆதாயம் பெரிதாகக் கிடைக்கிறது. இயர்பட்ஸ்காரர்களுக்கு அதே மிச்சம் வேறு வடிவில் வருகிறது.

எந்த வடிவில்? மிச்சமான நேரத்தைத் தூக்கத்துக்கே விடவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதை மறுமுயற்சிக்கும் செலவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வைஃபை, பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, ரயிலில் சுற்றியிருப்பவர்களின் இயர்பட்ஸ் என்று எல்லாம் நெருக்கும் அலைவரிசை. ஒரு பாக்கெட் கெட்டுப்போவது அங்கே தினசரி நிகழ்வு. எல்இ ஆடியோவின் இசை அமைப்புகளில் இரண்டு வகை வகுத்திருக்கிறார்கள். மேலே பார்த்த 100 பைட் துண்டுக்கே, ஒரு வகை தாமதத்தைக் குறைக்கிறது: ஒரு துண்டைக் கூடுதலாக ஐந்து முறை அனுப்பிப் பார்க்கலாம், 20 மில்லிவிநாடிக்குள் சேராவிட்டால் கைவிடு. மற்றொன்று நம்பகத்துக்கு முன்னுரிமை தருகிறது: பதின்மூன்று முறை வரை முயலலாம், 95 மில்லிவிநாடி வரை காத்திரு. முதலாவது விளையாட்டுக்கும் உரையாடலுக்கும், இரண்டாவது பாட்டுக்கும் ஏற்றது.

ஒவ்வொரு மறுமுயற்சியும் வேறொரு அலைவரிசைத் தடத்தில் நடக்கும். எல்இ ரேடியோவில் மொத்தம் 40 தடங்கள். அவற்றில் ஓடைக்குப் பயன்படுபவை 37. ஒன்றில் வைஃபை அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததில் வழி கிடைக்கும். அப்படியும் ஒரு துண்டு தவறிவிட்டால், முன்பு வந்த துண்டுகளைப் பார்த்து இடைவெளியை நிரப்பும் முறையும் எல்சி3-இல் உண்டு. ஒன்றிரண்டு துண்டு தொலைந்தால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து தொலைந்தால் ஒலி வறண்டு, ரோபோ பேசுவதுபோல் கேட்டு, பிறகு அறும். எஸ்பிசி-யில் பழகிய "டொக்" என்ற திடீர் வெட்டு இங்கே குறைவு; அதற்குப் பதில் இந்த வறட்சி வந்தால் இணைப்பு திணறுகிறது என்று புரிந்துகொள்ளலாம். திணறும் காதுக்கு எதிர்ப்பக்கப் பையில் போனை வைத்திருந்தால் முதலில் மாற்றிப்பார்க்கவேண்டியது அதைத்தான்.

ஒலியின் தரம் பற்றிப் பேசும்போது கறாராக இருப்பது நல்லது. கேட்பவர்களை வைத்து நடத்திய சோதனைகளில், 160 கிலோபிட்டில் ஓடிய எல்சி3, 345 கிலோபிட்டில் ஓடிய எஸ்பிசி-யைவிட மேலான மதிப்பெண் பெற்றது என்று புளூடூத் கூட்டமைப்பு வெளியிட்டிருக்கிறது. பாதிக்கும் குறைவான பிட்டில் அதைவிட மேலான ஒலி. எஸ்பிசி-யின் கட்டமைப்பு எவ்வளவு எளியது என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஒப்பீடு எஸ்பிசி-யோடு மட்டும். நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும் எல்டிஏசி போன்ற கோடெக்கில், அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில் கேட்டுப் பழகியவர் எல்இ ஆடியோவுக்கு மாறினால் முன்னேற்றம் தெரியும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இசைக்கான அமைப்புகளில் ஒரு காதுக்கு 124 கிலோபிட் வரையும் உண்டு. ஆயினும் இது இழப்பில்லாத ஒலி அல்ல. குறைந்த பிட்டில், நெருக்கடியான அலைவரிசையில், அறுந்துபோகாமல் நல்ல ஒலி தருவதே இதன் இலக்கு. அந்த இலக்கை அது எட்டியிருக்கிறது.

பேச்சில்தான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் வித்தியாசம் தெரியும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாவல் எல்இ ஆடியோவில் தேவையில்லை. ஒரே ஓடையில் போகும் திசைக்கும் வரும் திசைக்கும் எல்சி3-ஐப் பயன்படுத்தலாம். காதுக்கு ஸ்டீரியோ வந்துகொண்டிருக்கும்போதே மைக்கிலிருந்து குரல் நொடிக்கு 32,000 மாதிரிகளில் போகலாம். ச, ஷ, ஸ ஒலிகள் தனித்தனியாகக் கேட்பதற்கு இந்த வீச்சு உதவும். 8,000 மாதிரி பேச்சில் அவை ஒன்றோடொன்று குழம்பும். மைக்ரோசாஃப்ட் 2025-இல் விண்டோஸ் 11-இல் இந்த வசதியைச் சேர்த்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பேட்டரியின் கூடுதல் நிமிடங்களைவிட இது பெரிய விஷயம்.

இனி பகிர்தல். இணைப்பு என்ற எண்ணத்தையே இது விட்டுவிடுகிறது. இதுவரை பார்த்த ஓடையில் போன் அனுப்புகிறது, காது பதில் சொல்கிறது. பதிலே தேவையில்லை என்று வைத்துக்கொண்டால் எத்தனை காதுகள் வேண்டுமானாலும் கேட்கலாம். நூறு பேர் கேட்டாலும் ஒருவர் கேட்டாலும் அனுப்பும் கருவிக்கு வேலை ஒன்றே. வானொலி நிலையத்தின் அதே முறை, சில பத்து மீட்டர் வட்டத்துக்குள். இதற்கு 2022 ஜூனில் ஆராகாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள்.

பதில் இல்லாததால் ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒரு துண்டு யாருக்காவது சேரவில்லை என்பது அனுப்பும் கருவிக்குத் தெரியாது. எனவே எல்லாத் துண்டையும் எல்லோருக்காகவும் திரும்பத் திரும்ப அனுப்பியாகவேண்டும். ஓர் அரங்கில் மொழிபெயர்ப்பு ஒலிபரப்பை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்கு ஏற்ற, நொடிக்கு 24,000 மாதிரி அமைப்பில் ஒரு துண்டு 60 பைட். உறைகளோடு 75 பைட். காற்றில் 300 மைக்ரோவிநாடி, இடைவெளியோடு 450. ஒரு துண்டை ஐந்து முறை அனுப்புவதாக வைத்தால் 2,250 மைக்ரோவிநாடி. பத்து மில்லிவிநாடிக்குள் நான்கு மொழிகளை வைத்தாலே 9,000 போய்விடுகிறது. ஐந்தாவது மொழி வேண்டுமென்றால் திரும்ப அனுப்பும் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும், அல்லது இன்னொரு அனுப்பும் கருவி வைக்கவேண்டும். இரண்டாவது கருவி வைத்தாலும் காற்று ஒன்றுதான். அரங்கின் வைஃபையும் அதே காற்றில்தான் ஓடுகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவது அரங்கு அமைப்பவர் முதலில் செய்யவேண்டிய வேலை.

கேட்பவர் பக்கத்தில் நடப்பது சுவையானது. இயர்பட்ஸுக்குத் திரை கிடையாது. சுற்றியிருக்கும் ஒலிபரப்புகளைத் தேடுவதும் மின்சாரம் தின்னும் வேலை. ஆகவே அந்த வேலை போனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அரங்கின் கருவி இடைவிடாமல் ஒரு சின்ன அறிவிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். "தமிழ்", "ஆங்கிலம்" என்று ஒலிபரப்பின் பெயரும், எந்தக் கணத்தில் எந்தத் தடத்தில் ஒலி கிடைக்கும் என்ற தகவலுக்கு வழியும் அதில் இருக்கும். போன் அவற்றைப் பட்டியலாகக் காட்டுகிறது. நாம் ஒன்றைத் தொட்டதும், அந்த நேரக்குறிப்பைப் போன் காதுக் கருவிக்குக் கைமாற்றுகிறது. அதன்பின் போனுக்கு வேலை இல்லை. காதுக் கருவி நேராக அரங்கின் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. போனை அணைத்தாலும் ஒலி நிற்காது. ஒலிபரப்பு தன் போன் வழியாக வருகிறது என்று எண்ணிப் போன் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தனிப்பட்ட ஒலிபரப்புக்கு 16 பைட் வரையுள்ள ஒரு கடவுச்சொல் வைக்கலாம். இரண்டு நண்பர்கள் ஒரே போனில் படம் பார்க்கும்போது போன்கள் இதையே செய்கின்றன. க்யூஆர் குறியைக் காட்டினால் மற்றவர் சேர்ந்துகொள்ளலாம். கடவுச்சொல் இல்லாவிட்டால் எல்லைக்குள் இருக்கும் யாரும் கேட்கலாம், யார் கேட்டார்கள் என்ற பதிவும் இருக்காது. சுவர் இந்த அலையை முழுதாக நிறுத்தாது. ஆலோசனைக் கூட்டத்தையோ மருத்துவரின் அறையையோ கடவுச்சொல்லின்றி ஒலிபரப்பினால் அடுத்த அறையிலும் கேட்கும்.

காதுக் கருவி அணிந்தவர் அரங்கில் உட்காரும்போது இன்னொரு நுட்பமும் சேர்கிறது: தாமதம். காதைக் கருவி முழுக்க அடைப்பதில்லை. மேடை ஒலிபெருக்கியின் சத்தமும் நேராக உள்ளே வரும், ரேடியோ ஒலியும் வரும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் எதிரொலிபோலக் கேட்டுப் பேச்சு புரியாமல் போகும். கணக்கிடுவோம். துண்டு நிரம்ப 10 மில்லிவிநாடி, கோடெக்கின் முன்னோக்குக்கு 2.5, காற்றில் 10, இரண்டு காதும் ஒத்துப்போகக் காத்திருக்கும் நேரம் 20. ஆக 42.5. காற்றில் சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும். ஒலிபெருக்கியிலிருந்து 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு நேரடிச் சத்தம் 44 மில்லிவிநாடியில் வருகிறது. இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்தே வருகின்றன. முன்வரிசையில் 3 மீட்டரில் இருப்பவருக்கு நேரடிச் சத்தம் 9-லேயே வந்துவிடும். 34 மில்லிவிநாடி பிந்திவரும் ரேடியோ ஒலி அவருக்கு உறுத்தத் தொடங்கும். காத்திருக்கும் நேரத்தை 40 என்று வைத்துவிட்டால், கிட்டே இருப்பவர் அத்தனை பேரும் சிரமப்படுவார்கள். இசைக்கென்று வைத்த அமைப்பை அப்படியே அரங்கில் ஓடவிடுவதால் வரும் கோளாறு இது. கருவியை மாற்றவேண்டாம், அமைப்பை மாற்றினால் போதும்.

இன்னொரு கோளாறும் அமைப்பைப் பொறுத்ததுதான். ஆராகாஸ்ட்டில் உயர்தரம், சாதாரணத் தரம் என்று இரண்டு உண்டு. உயர்தரம் 48,000 மாதிரி. சாதாரணத் தரம் 16,000 அல்லது 24,000. கேட்கும் கருவிகள் எல்லாமே வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவை சாதாரணத் தர அமைப்புகளை மட்டும்தான். நல்ல ஒலி தரவேண்டும் என்ற ஆசையில் உயர்தரத்தில் மட்டும் ஒலிபரப்பினால், காதுக் கருவிக்காரர்கள் பலருக்குப் பட்டியலில் பெயர் தெரியும், தொட்டால் ஒலி வராது. பொது இடத்தில் சாதாரணத் தர ஒலிபரப்பு ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். உயர்தரம் வேண்டுமானால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு இருந்தும் இந்தத் தரம் மெதுவாகவே பரவுகிறது. பழைய ஒலி முறை எல்லாக் கருவியிலும் இருக்கிறது, ஓடுகிறது, மாற்ற அவசரமில்லை. ஆண்ட்ராய்டு 13-ஆம் பதிப்பு 2022-இல் எல்இ ஆடியோவுக்கு இடம் கொடுத்தது. ஆனால் போனின் சிப், போனின் மென்பொருள், இயர்பட்ஸின் சிப், இயர்பட்ஸின் மென்பொருள் நான்கும் ஒத்துவந்தால்தான் வேலை நடக்கும். ஒன்று குறைந்தாலும் இரண்டும் சத்தமில்லாமல் பழைய முறைக்குத் திரும்பிவிடும். பாட்டு கேட்கும், எல்இ ஆடியோ ஓடவில்லை என்பது தெரியாது. ஐபோன் 2019 முதல் ஒலியைப் பகிரத் தன் சொந்த வழியை வைத்திருக்கிறது. அது ஏர்பாட்ஸுக்கும் பீட்ஸுக்கும் மட்டுமான வழி. சில இயர்பட்ஸில் எல்இ ஆடியோவை இயக்கினால் எல்டிஏசி-யோ, ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு இணையும் வசதியோ போய்விடுவதும் உண்டு. முதல் தலைமுறை மென்பொருளின் குறை அது, வாங்குமுன் தெரிந்துகொள்ளவேண்டியது.

கடைசியாக, வாங்குபவர்களுக்கு. பெட்டியில் "புளூடூத் 5.3" என்றோ "5.4" என்றோ அச்சிட்டிருப்பது எல்இ ஆடியோ இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. 5.2-க்குப் பிந்தைய எந்தப் பதிப்பிலும் இது விருப்ப வசதி, சேர்க்கலாம், விடலாம். எல்இ ஆடியோ, ஆராகாஸ்ட் என்ற பெயர்களே அச்சில் இருக்கவேண்டும். இணைத்த பிறகு, ஆண்ட்ராய்டில் புளூடூத் பட்டியலில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் அமைப்புக் குறியைத் தொட்டு "LE Audio" என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் புளூடூத் அமைப்புகளில் "Use LE Audio when available" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கருவி இன்னும் பழைய பாதையிலேயே ஓடுகிறது. வீட்டில் யாருக்காவது காதுக் கருவி வாங்கப்போகிறீர்கள் என்றால் ஆராகாஸ்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இந்தத் தரத்தால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் அவர்கள்தான்.